மொட்டை மாடிக் கீரை: தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காத தவறு

சென்ற மாதம் சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் ஒரு தரைவீட்டின் மொட்டை மாடிக்கு என்னை அழைத்திருந்தார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும், 72 துளைகள் கொண்ட ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்பு ஒன்றை வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் போனது பிற்பகல் இரண்டரை மணிக்கு. சாய் சிம் கீரைச் செடிகள் எல்லாம் துவண்டு குழாயின் மேல் படுத்திருந்தன.

“தண்ணீர் நிறைய இருக்கிறது, அண்ணே. சத்து போதவில்லையோ என்று நேற்றுக் கூடுதலாக ஊற்றினேன்” என்றார் அந்தப் பெண்.

தொட்டிக்குள் கையை விட்டேன். குளிர்ச்சியும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். வெப்பமானி 36 டிகிரி காட்டியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாடியில் நடந்தது அப்படியே கண்முன் நின்றது. அன்று நானும் கூடுதல் சத்துதான் ஊற்றினேன். இதே தவறை இத்தனை பேர் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை, ஏனென்றால் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

விதையை ஆழமாகப் போடாதீர்கள், வெயில் பார்த்து வையுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை தவறினால் தாமே புரிந்துவிடும்.

தொட்டியை வெயிலில் வைப்பது

கடையில் கிடைக்கும் அமைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. கீழே 40 லிட்டர் தொட்டி, அதில் சிறிய பம்பு, மேலே வரிசையாக பிவிசி குழாய்கள். குழாயின் அடியில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடி, வேரை நனைத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பும். குளிரூட்டிய அறையிலோ குளிர்நாட்டிலோ இது அழகாக வேலை செய்யும். சிங்கப்பூரின் மொட்டை மாடியில் அந்த மெல்லிய படலம் வெயிலில் காயும் குழாயினூடே ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கி வந்து தொட்டியில் சேர்க்கிறது. தொட்டியும் சுடுகிற தரையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காற்றின் வெப்பம் 32 டிகிரியாக இருக்கும் நாளில் தண்ணீர் 36, 37 டிகிரிக்குப் போவது இப்படித்தான்.

தண்ணீர் சூடானால் வேருக்கு என்ன ஆகிறது? வேர் மூச்சு விட வேண்டும். அதற்கான ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 35 டிகிரியில் சுமார் 7. இந்தக் குறைவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதே பத்து டிகிரி ஏற்றத்தில் வேரின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு இரண்டு மடங்கானால் குடும்பம் எப்படித் திணறுமோ, வேரும் அப்படியே திணறுகிறது. திணறும் வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் வேர் நனைந்தபடி இருக்கும்போதே இலை துவள்கிறது.

மாலை ஏழு மணிக்கு இலைகள் நிமிர்ந்துவிடும். புதியவர் ஏமாறும் இடம் இதுதான். “சரியாகிவிட்டது” என்று நினைத்து விட்டுவிடுகிறார், அல்லது சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் கரைசலை ஊற்றுகிறார். வெயிலில் செடி சத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். ஆகவே தொட்டியில் மிஞ்சும் கரைசல் ஏற்கெனவே அடர்ந்துகொண்டே வருகிறது. அதில் இன்னும் சத்தைச் சேர்த்தால், தண்ணீரை உள்ளே இழுப்பது வேருக்கு மேலும் கடினமாகிறது. கரைசலின் அடர்த்தியைக் காட்டும் மின்கடத்துதிறன் கீரைக்குப் பொதுவாக 1.2 முதல் 1.8 வரை இருந்தால் போதும். நம் வெயிலுக்குக் கீழ்எண்ணை ஒட்டி வைப்பதே நல்லது. அன்று அந்த வீட்டில் மீட்டர் 2.9 காட்டியது.

அடுத்து வருவது பித்தியம். பூஞ்சை போல நடந்துகொள்ளும் நீர்வாழ் நுண்ணுயிர் அது. அதன் சில வகைகளுக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர் மிகவும் பிடிக்கும். பலவீனமான வேரில் அது எளிதில் நுழைந்துவிடும். கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு செடியைக் கூடையோடு தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். கெட்ட வேர் தேநீர் நிறத்தில் வழவழக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிடும். நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் தொங்கும். முகர்ந்தால் தேங்கிய சாக்கடையின் வாடை அடிக்கும். அந்தப் பெண் அப்படி இழுத்துப் பார்த்தபோது விரலில் ஒட்டிய தோலைக் கண்டு பேசாமல் நின்றார். 72 செடிகளில் நன்றாக இருந்தவை ஒன்பதுதான்.

மண்ணில் ஒரு செடிக்கு நோய் வந்தால் பெரும்பாலும் அந்தச் செடியும் அதன் பக்கத்துச் செடியும்தான் போகும். இங்கே எல்லாச் செடிகளும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன. என் மாடியில் வெள்ளிக்கிழமை துவண்டவை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் மொத்தமும் போய்விட்டன. அமைப்புக்கு 520 வெள்ளி, இரண்டு மீட்டர்களுக்கு 85 வெள்ளி கொடுத்திருந்தேன். அதை இரண்டு முறை ப்ளீச் போட்டுக் கழுவி மறுபடி நட்டேன். தொட்டி அதே இடத்தில் இருந்ததால் இரண்டாவது நடவும் அதே வழியில் போயிற்று.

ஐஸ் போடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரை உறைய வைத்து 60 லிட்டர் தொட்டியில் போட்டால், அது முழுதும் உருகி முடிகையில் வெப்பம் இரண்டரை டிகிரி அளவுக்கு இறங்கும். குழாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால் சற்று நேரத்தில் அது திரும்ப ஏறிவிடும். குளிரூட்டும் கருவியும் கிடைக்கிறது. கீரை விற்று அதன் மின்கட்டணத்தைக் கட்ட முடியாது.

தீர்வு எளிமையானது. தொட்டியை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள், அல்லது படிக்கட்டு அறையின் நிழலுக்குள் நகர்த்துங்கள். 40 லிட்டருக்குப் பதில் 150 லிட்டர் வையுங்கள். அதிகத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். தொட்டியின் அடியிலும் சுற்றிலும் ஸ்டைரோஃபோம் பலகை கொடுங்கள். குழாய்களுக்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டுங்கள். திரும்பி வரும் தண்ணீர் ஓர் அடி உயரத்திலிருந்து தொட்டியில் விழட்டும். விழும்போது காற்றை வாங்கிக்கொள்ளும். பிறகு பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை. 30 டிகிரிக்குள் இருந்தால் கங்குங், சாய் சிம், சியாவ் பாய் சாய் தாங்கும்.

லெட்டூஸில் தொடங்குவது

வேண்டாம். நம் இரவே 25 டிகிரி. லெட்டூஸ் சீக்கிரம் தண்டு நீட்டிக் கசந்துவிடும். இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கொங் குழுவினர் 1990களில் வேர்ப்பகுதியை மட்டும் குளிரவைத்து லெட்டூஸ் வளர்த்துக் காட்டினார்கள். இலை வெயிலில் இருந்தாலும் வேர் குளிர்ந்திருந்தால் செடி தாங்கும் என்பது அதில் தெரிந்தது. அந்தக் குளிர்ச்சியைத் தரும் கருவி உங்கள் மாடியில் இல்லை.

தண்ணீர் மிச்சம் என்று கணக்குப் போடுவது

ஹைட்ரோபோனிக்ஸில் தண்ணீர் மிச்சமாவது உண்மை. அது பணமாக மாறும் என்பதுதான் தவறு. ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர் பரப்பில் மண்பெட்டிகளையும் குழாய் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மழையில்லாத நாள்களில் அளந்தேன். மண்பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் ஊற்றினேன். அதில் கணிசமான பங்கு அடித்துளை வழியே வடிந்துபோனது. குழாய் அமைப்புக்கு 15 லிட்டர் போதுமாக இருந்தது. பாதிக்குப் பாதி மிச்சம். மாதத்துக்கு 450 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீரின் விலை 40 கன மீட்டர் வரை கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, 3.24 வெள்ளி. ஆக மிச்சம் ஒன்றரை வெள்ளிக்கும் சற்றுக் குறைவு.

25 வாட் பம்பு இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 18 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தாலும் ஐந்து வெள்ளி நாற்பது காசு. தண்ணீரில் வந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் மின்சாரத்தில் போகிறது. சத்துக் கரைசலை நான் இதில் சேர்க்கவே இல்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், மண்பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும் அறை உள்ள வகையை வாங்குங்கள். வடிவது பெரும்பாலும் நின்றுவிடும்.

எல்லாக் கீரைக்கும் குழாய்

அரைக்கீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை ஆகியவற்றை நாம் நெருக்கமாகத் தூவி, வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டுகிறவர்கள். துளைக்கு ஒரு செடி என்ற அமைப்பில் ஒரு வேளைப் பொரியலுக்குக்கூடக் காணாது. இவற்றுக்கு மண்தான். என் நான்கு மண்பெட்டிகளுக்கு மண், மட்கிய உரம், தென்னை நார்த்தூள் எல்லாம் சேர்த்து 190 வெள்ளி ஆனது. சியாவ் பாய் சாய் குழாயில் ஒரு வாரம் முந்தி அறுவடைக்கு வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மண் ஒரு நாள் மறதியை மன்னிக்கும். குழாயில் பம்பு பகலில் இரண்டு மணி நேரம் நின்றாலே வேர் காயத் தொடங்கிவிடும்.

வெறும் தோட்டமண்ணைக் கொட்டுவது

நம் மழை இரண்டே மாதத்தில் அதைச் செங்கல்லாக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு நார்த்தூள் கலக்கவும்.

எடை

ஈர மண் ஒரு சதுர மீட்டருக்கு, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கே 300 கிலோவை எட்டும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள்.

மூடாத தொட்டி

ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். மூடுங்கள்.

அந்த வீட்டில் பிறகு செய்தது

குழாய்களைக் கழற்றி ஓரமாக வைத்தோம். தேக்கா சந்தையில் பழம் வந்து இறங்கும் ஸ்டைரோஃபோம் பெட்டிகள் நான்கைக் கேட்டு வாங்கி, உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரித்துக் கரைசலை நிரப்பினோம். பம்பு இல்லை, மின்சாரமும் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் உள்ள வேர் நேரடியாகக் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆகவே மட்டம் குறைந்ததைப் பார்த்து மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடக் கூடாது. காற்று வாங்கும் அந்த வேர் மூழ்கிவிடும். இரண்டு பெட்டியில் கங்குங், இரண்டில் சாய் சிம் வைத்தோம். பக்கத்தில் இரண்டு மண்பெட்டிகளில் தண்டுக்கீரை தூவினோம்.

நேற்று அந்தப் பெண் படம் அனுப்பியிருந்தார். பிற்பகல் 3.10 மணி, வெப்பமானியில் 29.5. அதன் பக்கத்தில் தூக்கிப் பிடித்த கூடையில் கங்குங் வேர், தாடி போல வெள்ளையாக.