விசா பக்கத்தைத் தமிழாக்கும்போது: எது அச்சு, எது அதிகாரியின் பேனா?

பிரான்சில் வாழும் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் மூத்தவர்கள் பலருக்குத் தமிழும் பிரெஞ்சும் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. இந்திய விசாவோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதனால் அம்மா ஊருக்குப் போய் இறங்கிய பிறகு, பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பாரிசில் இருக்கும் மகனோ மகளோ அதைத் தமிழில் எழுதித் தருவது வழக்கம். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்கியவர்களுக்கு, எந்தத் தேதிக்குள் கிளம்ப வேண்டும் என்பது இந்தத் தமிழாக்கத்தைப் பொறுத்தே அவர்கள் மனத்தில் பதிகிறது. அச்சிட்ட தேதியையும் அதிகாரி பேனாவால் எழுதிய தேதியையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில் படம். விசா ஸ்டிக்கர் பளபளப்பானது. ஃபிளாஷ் போட்டால் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து, பெரும்பாலும் தேவையான எழுத்தையே மறைத்துவிடும். ஜன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தைத் தட்டையாக விரித்து, அடியில் எந்திரம் வாசிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளும் முழுமையாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். வருகை முத்திரை வேறு பக்கத்தில் இருக்கக்கூடும், அதையும் தனியே எடுக்க வேண்டும். இன்னொரு படம் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி இருக்கட்டும். பால்பாயிண்ட் பேனா தாளில் பள்ளம் போடும். முத்திரை மை தாளின் மேலேயே நிற்கும். இரண்டும் நீல நிறமாக இருந்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்துகள் மங்கும், கோப்பாக அனுப்பினால் அப்படியே வரும். குடும்பக் குழுவில் போட வேண்டாம், ஒருவருக்கு மட்டும் அனுப்பட்டும்.

இப்போது ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் அமைத்தது இது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் அம்மா, 1952-இல் பிறந்தவர். சுற்றுலா விசா, பலமுறை நுழையலாம். வழங்கிய நாள் 12-03-2025, முடியும் நாள் 11-03-2026. குறிப்புகள் என்ற இடத்தில், ஒவ்வொரு முறையும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று அச்சாகியிருக்கிறது. சென்னை விமான நிலைய வருகை முத்திரையில் தேதி 20-12-2025. முத்திரைக்குக் கீழே பேனாவால் ஆங்கிலத்தில் 'அப் டு' என்று எழுதி, ஒரு தேதியும் ஒரு சுருக்கொப்பமும் இருக்கின்றன. தேதியில் மாதம் 3 என்பது தெளிவு. நாள் 11-ஆ, 17-ஆ என்பதுதான் சந்தேகம்.

பிரான்சில் வளர்ந்த கண்ணுக்கு இங்கே ஒரு இடறல் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1-க்கு மேலே நீண்ட கொக்கி போடுவார்கள், 7-க்கு நடுவே குறுக்குக் கோடு இழுப்பார்கள். நம் ஊரில் 1 பெரும்பாலும் ஒற்றைக் கோடு, 7-க்குக் குறுக்குக் கோடு கிடையாது. ஆகவே சென்னை அதிகாரி எழுதிய 7-ஐப் பாரிசில் இருப்பவர் 1 என்று வாசித்துவிட முடியும். அவசரத்தில் தலை வளைந்த 1, ஊரில் இருப்பவருக்கு 7 ஆகத் தெரியும். அதே அதிகாரி அதே பக்கத்தில் வேறு எங்காவது 1 அல்லது 7 எழுதியிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவே நம்பகமான சாட்சி.

தமிழாக்கத்தை நான் இப்படித்தான் எழுதுவேன்:

```
[அச்சு] விசா வகை: சுற்றுலா
[அச்சு] நுழைவுகள்: பலமுறை
[அச்சு] வழங்கிய நாள்: 12-03-2025
[அச்சு] முடியும் நாள்: 11-03-2026
[அச்சு] குறிப்பு: ஒவ்வொரு தங்கலும்
        90 நாளைத் தாண்டக் கூடாது
[முத்திரை] குடியேற்றப் பிரிவு, சென்னை,
        வருகை, 20-12-2025
[பேனா] "11 அல்லது 17 / 3 வரை",
        சுருக்கொப்பம், பெயர் தெரியவில்லை
```

சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஆண்டு எழுதப்படவில்லை என்றால் 2026 என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. சில முத்திரைகளில் வாசகம் முத்திரையாகவும், நாள்களின் எண் மட்டும் பேனாவாலும் இருக்கும். அப்போது வாசகத்துக்கு ஒரு அடையாளம், எண்ணுக்கு ஒரு அடையாளம் என்று வரியைப் பிரித்துவிட வேண்டும். முத்திரையின் தேதியிலும் எச்சரிக்கை தேவை. தேதிச் சக்கரம் பாதி திரும்பி நின்றால் இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அங்கே விமான டிக்கெட்டின் தேதியை ஒப்பிடலாம். ஆனால் டிக்கெட்டில் இருந்து எடுத்தது என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

அச்சான தேதியே மங்கியிருந்தால் அடியில் உள்ள எந்திர வரிகள் கைகொடுக்கும். இந்த அம்மாவின் விசாவில் இரண்டாம் வரியின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

```
FRA5203149F2603117
```

முதல் மூன்று எழுத்துகள் குடியுரிமை. அடுத்த ஆறு எண்கள் பிறந்த நாள், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்: 52, 03, 14. அதன்பின் வரும் 9 சரிபார்ப்பு எண். F என்பது பெண். 260311 என்பது விசா முடியும் நாள், கடைசி 7 அதன் சரிபார்ப்பு எண். அந்த 7 எப்படி வருகிறது என்றால், ஆறு எண்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 14, 18, 0, 21, 3, 1. மொத்தம் 57, அதன் கடைசி இலக்கம் 7. நீங்கள் 260317 என்று தவறாக வாசித்திருந்தால் மொத்தம் 63 ஆகி, கடைசியில் 3 வந்திருக்கும். எழுத்து மங்கினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

பேனா எழுத்துக்கு இப்படி ஒரு சரிபார்ப்பு எண் கிடையாது. அதனால் அதை அச்சோடு வைத்துப் பார்க்க வேண்டும். வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 90-ஆம் நாள் 19-03-2026. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 17 என்பதும் பொருந்தும். ஆனால் விசாவே 11-ஆம் தேதியோடு முடிகிறது. இந்திய விசாவின் காலம் வழங்கிய நாளில் இருந்தே ஓடுகிறது, விமானத்தில் இருந்து இறங்கிய நாளில் இருந்து அல்ல. எனவே இரண்டு வரம்புகளில் முந்தியதான 11-ஐத்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும், டிக்கெட்டும் அதற்குள் இருக்க வேண்டும். இந்த முடிவை மொழிபெயர்ப்பின் அடியில் 'என் கணக்கு' என்று தலைப்பிட்டுத் தனியே எழுதுங்கள். அதிகாரியின் வரிக்குள் நுழைத்துவிட்டால் அவரே 11 என்று எழுதியதாக வீட்டில் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

பேனா குறிப்பு அச்சைவிடக் குறைந்த நாளைச் சொல்கிறது, அல்லது பதிவு செய்ய வேண்டும் என்பது போல ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது என்றால் அதை ஊகித்து முடிக்க முயல வேண்டாம். முடிந்தால் விமான நிலையக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே அதிகாரியிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது என்றால், சென்னையில் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம்தான் கேட்க வேண்டிய இடம். அதன் சேவைகளுக்கு indianfrro.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டிவிட்டால் அபராதமும், வெளியேற அனுமதி வாங்கும் அலைச்சலும் சேரும். எழுபது வயதைக் கடந்தவரை அதற்காகப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடக்கவைப்பது கொடுமை. கேட்கப் போகும்போது மூலப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும். அலுவலகத்துக்கு நம் தமிழாக்கம் தேவைப்படாது. உடன் செல்லும் உறவினர் எந்த வரியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது கையில் இருக்கட்டும்.