மதுரையில் ரூம் தேதியை மாற்றும் முன்: அட்வான்ஸ், கேன்சலேஷன் விதிகளைப் படிப்பது

பொங்கலுக்கு மதுரை வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 13 முதல் 16 வரை மூன்று இரவு, நாளுக்கு 4,000 ரூபாய், பாதி அட்வான்ஸாக 6,000 கட்டியாயிற்று. இப்போது பயணம் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. தேதியை மாற்றக் கேட்பதற்கு முன் புக்கிங் விதிகளில் இரண்டு வரிகளை நிதானமாகப் படியுங்கள்.

முதல் வரி: “ஃப்ரீ கேன்சலேஷன், ஜனவரி 10 பகல் 12 மணி வரை, பிராப்பர்டி லோக்கல் டைம்.” அதாவது மதுரை நேரம். டொராண்டோவில் அப்போது 10-ம் தேதி அதிகாலை 1.30, லண்டனில் காலை 6.30. டொராண்டோவில் இருப்பவர் 9-ம் தேதி இரவே முடித்துவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் பெரும்பாலும் ஒரு இரவு வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாமல் வராமல் போவதுதான் ‘நோ ஷோ’. அதற்கு மொத்த வாடகையையும் பிடிக்கிற ஹோட்டல்கள் உண்டு.

இரண்டாவது வரிதான் பலரைக் குழப்புவது: “அட்வான்ஸ் நான்-ரீஃபண்டபிள், அட்ஜஸ்டபிள்.” பணமாகத் திருப்பித் தரமாட்டோம், பில்லில் கழித்துக்கொள்வோம் என்று பொருள். எந்த பில்லில் என்பதை அந்த வரி சொல்லாது. புதிய தேதிக்கும் செல்லும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பழைய புக்கிங்கை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டால் 6,000 போய்விடலாம். அதனால் ரத்து பட்டனைத் தொடாமல் முதலில் கேளுங்கள்:

“வணக்கம். ஜனவரி 13 முதல் 16 வரை ஒரு டபுள் ரூம் புக் செய்து, 6,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருக்கிறேன். புக்கிங் எண் ____. பயணத் தேதி மாறிவிட்டது. ஜனவரி 15 காலை வந்து 18 காலை காலி செய்கிற மாதிரி மாற்றித் தர முடியுமா? ரூம் இருந்தால் வாடகையில் வித்தியாசம் எவ்வளவு, கட்டிய அட்வான்ஸ் புதிய தேதிக்குச் சேருமா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். உங்கள் பதில் வரும்வரை பழைய புக்கிங் அப்படியே இருக்கட்டும். இதை ரத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும். நன்றி.”

‘இதை ரத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கூட்ட நாளில் ரிசப்ஷனில் அவசரமாகப் படிப்பவர், பழைய ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடக்கூடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 01/02 என்று போட்டால் இந்தியாவில் அது பிப்ரவரி 1.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் ஜனவரி 16 அல்லது 17-ல் வரும் என்பதால் புதிய தேதிக்கு வாடகை கூடியிருக்கலாம். மதுரை லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு, சில ஹோட்டல்களில் பகல் 12 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். விடிகாலை ரயிலில் இறங்குபவர் அதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

இணையதளம் வழியாகப் போட்ட புக்கிங் என்றால், ஹோட்டல் சரி என்ற பிறகு அந்தத் தளத்திலும் தேதி மாற வேண்டும். போனில் ஒத்துக்கொண்டாலும், புதிய தேதி, வாடகை, வரவு வைத்த 6,000 மூன்றும் எழுத்தில் வந்த பிறகே மாற்றம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.