துயரத்தை வாசகருக்கு எழுத நேரம் வந்துவிட்டதா? நோட்டை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுத எத்தனை மாதம் பொறுத்தீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். மாதக் கணக்கு உதவாது. நீங்கள் எழுதிய வரிகளே பதில் சொல்லும்.

முதலில், நடந்த சூட்டோடு உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், தினமும் 15 நிமிடம் தங்கள் வேதனையை எழுதினார்கள். அதே அளவு போதும். யார் என்ன சொன்னார்கள், வார்டில் என்ன வாடை அடித்தது என்பதையெல்லாம் குறித்துவிடுங்கள். இவைதான் முதலில் மறக்கும். கோடு போட்ட நோட்டும் பேனாவும்தான் என் தேர்வு. செல்போனில் எழுதினால், அழுகை ஓய்வதற்குள் யாருக்காவது அனுப்பத் தோன்றும்.

பிறகு நோட்டை மூடி வையுங்கள். திறக்கும்போது, நீங்கள் மிகவும் கோபப்பட்ட ஆளைப் பற்றிய பத்தியை மட்டும் எடுங்கள். என்னை அதிகம் இழுத்தடித்த படி இதுதான்.

என் நோட்டில் இப்படி இருந்தது: “இரக்கமே இல்லாத அண்ணன் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான்.” இதில் தீர்ப்பு இருக்கிறது, அண்ணன் இல்லை. தீர்ப்புச் சொற்களை அடித்துவிட்டு, அன்றிரவு அவர் எங்கே இருந்தார் என்று எழுத முயன்றேன். கை ஓடவில்லை. அப்படியானால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். நோட்டை மறுபடி மூடினேன்.

வெகுகாலம் கழித்து வந்த வரி இது: “அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இரவு ஷிப்டில் இருந்தார். போன் லாக்கரில் இருந்தது. விடிந்து பார்த்தவர், காட்பாடிக்கு வரும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம்.” என் கோபம் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் அண்ணனை வாசகரால் பார்க்க முடிகிறது. எழுதுவதற்கு அந்த அளவு தூரம் போதும்.

அடுத்து, உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். குடியாத்தத்தில் இருக்கும் என் தோழி, “அம்மா அப்போது எங்கே இருந்தார்?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்; அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட கேள்வி உங்களைப் புண்படுத்தினால் காத்திருங்கள். பதிலைத் தேடத் தோன்றினால் திருத்தத் தொடங்குங்கள். வாசிக்கையில் குரல் உடைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்றும் உடைகிறது.

பின்சேர்க்கை: சொத்து வழக்கு நடக்கும்போது எழுதலாமா என்று ராணிப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நோட்டில் எழுதுங்கள் ஐயா, வெளியிட வேண்டாம். வழக்கு நடக்கும் வரை எதிராளியின் பக்கத்தை எழுதும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாகவே தோன்றும். அந்தப் பத்தி நேர்மையாக வராது.