மூவாயிரத்துக்குக் கீழே விழுந்த ஐநூறு

கல்லணை திறக்கும் நாளில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் செய்தி பதிவு செய்தோம். கேமராவுக்கு முன்னால் வரிகள் ஓடும் ப்ராம்ப்டர் திரையைப் பார்த்து வாசித்த தங்கச்சி, "வினாடிக்கு மூவாயிரத்து..." என்று சொல்லி ஒரு நொடி நின்று, அப்புறம் "ஐநூறு கனஅடி" என்றது. தப்பு அதன்மேல் இல்லை. அந்த வரி அப்படி உடைந்ததற்குக் காரணம் நான்தான்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "மேட்டூரில் இருந்து வந்த தண்ணீர் கல்லணையை அடைந்ததை அடுத்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் வினாடிக்கு மூவாயிரத்து ஐநூறு கனஅடி வீதம் திறந்துவிடப்பட்டது." காகிதத்தில் குறை தெரியாது. ப்ராம்ப்டரில் ஓடும்போது வினைச்சொல் கடைசியில் வருவதால், வாசிப்பவருக்கு வாக்கியம் எங்கே போகிறது என்று கடைசிவரை தெரியாது. குரலை எங்கே இறக்குவது? கண் கீழே தேடும், கேமராவில் அது அப்படியே பிடிபடும்.

பிறகு மாற்றியது:

மேட்டூர் தண்ணீர்
கல்லணைக்கு வந்துவிட்டது. //
காவிரியிலும் வெண்ணாற்றிலும் /
கல்லணைக் கால்வாயிலும்
தண்ணீர் திறந்திருக்கிறார்கள். //
வினாடிக்கு
மூவாயிரத்து ஐநூறு கனஅடி.

ஒரு கோடு சின்ன நிறுத்தம், இரண்டு கோடு மூச்சு வாங்கும் இடம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொல் போதும். வரி அகலமானால் கண் இடமும் வலமும் ஓடும். கேமரா கிட்டத்தில் இருந்தால் அது இன்னும் பளிச்சென்று தெரியும். எண்ணை எழுத்தில் எழுதி, அதன் அலகோடு ஒரே வரியில் வையுங்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரிகளை லேப்டாப்பில் அழகாக உடைத்துவிட்டு, ஸ்டுடியோவில் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். செயலி வரிகளைத் தானாக மறுபடி மடிக்கும், "ஐநூறு" தனியாகக் கீழே விழும். எனக்கு நடந்ததும் அதுதான். முதலில் வாசிப்பவரை அவர் இடத்தில் நிற்கவைத்து எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள், வரி உடைப்பது அப்புறம்.

நிறுத்தக்குறியை மூச்சுக்காக மட்டும் போடுவதும் தவறு, பொருளே மாறிவிடும். "நேற்று / கும்பகோணம் வந்த அமைச்சர் அறிவித்தார்" என்றால் அறிவிப்பு நேற்று. "நேற்று கும்பகோணம் வந்த அமைச்சர் / அறிவித்தார்" என்றால் வந்தது நேற்று, அறிவிப்பு என்றைக்கோ. இரண்டில் எது என்று செய்தி எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

குறிப்புகளைச் சொற்களாக எழுதாதீர்கள். "(சிரிக்கவும்)" என்று எழுதியதை ஒருவர் அப்படியே வாசித்து, நாங்கள்தான் சிரித்தோம். தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் ▼, கேமரா மாறுகிறது என்றால் ■. தனி வரியில், வேறு நிறத்தில், வாயால் சொல்ல முடியாத வடிவத்தில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கைத் தாண்டினால் வாசிப்பவர் எதையும் கவனிக்க மாட்டார்.