பல் பிடுங்கிய குழியில் மீண்டும் ரத்தம் கசிந்தபோது

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று மாலை, மரத்துப்போக வைக்கும் ஊசியின் வீரியம் குறைந்த பிறகு, நின்றிருந்த ரத்தம் மீண்டும் கசிந்தது. வாய் நிறைய ரத்தம் போலத் தோன்றினாலும் அதில் பெரும்பகுதி உமிழ்நீர்தான். முதல் நாளில் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு.

கண்ணாடியில் பார்த்தபோது காஸ் துணி நழுவிப் பக்கத்துப் பல்லின் மீது கிடந்தது; கடித்த அழுத்தம் குழிக்குப் போகவே இல்லை. புதிய காஸைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து, பக்கத்துப் பற்களைவிட உயரமாக இருக்கும்படி தடிமனாக மடித்து, குழிக்கு நேர் மேலே வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து 30 நிமிடம் இறுகக் கடித்தேன். உலர்ந்த துணி ரத்தக்கட்டியில் ஒட்டி அதைப் பெயர்த்துவிடும் என்பதால்தான் நனைத்தேன். இடையில் எடுத்துப் பார்க்கவே கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்துவரும் ரத்தம் கலைகிறது. எடுத்தபோது துணியில் லேசான கறை மட்டுமே இருந்தது.

அதன்பின் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவோ, துப்பவோ, உறிஞ்சுகுழலில் குடிக்கவோ இல்லை. உணவு ஆறியதாகவும் மென்மையாகவும் இருந்தது. சூடானது, காரமானது, மொறுமொறுப்பானது எதையும் தொடவில்லை. புகையும் மதுவும் குனிந்து பளு தூக்குவதும் அப்போது ஆகாது.

இப்படி அழுத்தியும் குழியிலிருந்து சிவந்த ரத்தம் பெருகினால் உடனே பல் மருத்துவரை அழைக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் இன்னும் முன்னதாகவே அழைப்பது நல்லது. ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சில நாள் கழித்து வலி குறையாமல் காதுவரை பரவினாலோ, காய்ச்சலும் வீக்கமும் கூடினாலோ அப்போதும் அழைக்க வேண்டும். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமானால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.