கல் கட்டுக் கிணற்றுக்கு உறை, தளம், மூடி: சேர்வராயன் அடிவாரத்தில் நாங்கள் செய்த விதம்

கன்னங்குறிச்சிக்கு மேல், மலையடிவாரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கோலிபார்ம் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. கிணறு 6 அடி விட்டம், 36 அடி ஆழம், சாந்து இல்லாமல் அடுக்கிய பழைய கல் கட்டு. அதைச் சரிசெய்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கிணற்றின் அளவு வேறாக இருந்தாலும் கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

முதலில், அழுக்கு எந்த வழியாக வருகிறது?

பெரிய மழை பெய்த சில மணி நேரத்தில் தண்ணீர் கலங்கினால், மேல்மண்ணில் ஓடும் நீர் கட்டின் இடுக்கு வழியாக இறங்குகிறது. உறையும் தளமும் இதைத் தடுக்கும். தண்ணீர் கோடையில் தெளிவாக இருந்தும் பரிசோதனையில் கிருமி வந்தால், கழிவறைக் குழியைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு உறை மட்டும் போதாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினாலும் அதே சந்தேகம்தான். ஆனால் மாட்டுக் கொட்டகையும் உரம் போட்ட தோட்டமும் நைட்ரேட்டைக் கூட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் கிணற்றில் மழைக்குக் கலங்குவது, கோடையிலும் கிருமி வருவது, இரண்டுமே இருந்தது. அதனால் குழியில் இருந்துதான் தொடங்கினோம். குழியை விட்டுவிட்டு உறை இறக்கினால் செலவு செய்த பிறகும் அதே தண்ணீர்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

குழியின் தூரம்: நேரம் எடுத்த வேலை இதுதான்

"அம்பது அடி தள்ளியிருந்தா போதுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவு 30 மீட்டர், அதாவது நூறடி. அது போதுமா இல்லையா என்பதை நிலம்தான் தீர்மானிக்கிறது. நல்ல மண்ணில் கழிவுநீர் மெல்லக் கசியும்போது கிருமிகள் மண்ணில் ஒட்டி, நாள்பட்டுச் செத்துவிடுகின்றன. எங்கள் பக்கம் நாலைந்து அடி செம்மண்ணுக்குக் கீழே உதிரும் பாறை, அதற்குக் கீழே வெடிப்பு விட்ட சார்னோகைட் பாறை. வெடிப்புக்குள் இறங்கிய நீரை வடிகட்ட மண்ணே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நூறடி தூரமும் உத்தரவாதம் கிடையாது.

அதனால் தூரத்தோடு சேர்த்து ஆழத்தையும் பார்க்க வேண்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர், ஆறரை அடி காய்ந்த மண் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் அளக்க முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். குழிப் பக்கம் ஒருவர், கிணற்றடியில் ஒருவர் பிடித்து, இரண்டு இடத்துத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு: குழி கிணற்றுக்கு 42 அடி மேற்கே, மேட்டில் இருந்தது. அந்தத் தரை கிணற்றடியைவிட 4 அடி உயரம். குழியின் ஆழம் 9 அடி. ஆக, குழியின் அடி கிணற்றடித் தரையில் இருந்து 5 அடி கீழே. மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் தரைக்கு 8 அடி கீழே வரை ஏறி நிற்கும். இடைவெளி வெறும் 3 அடி. அந்த 9 அடியில் கடைசி நாலு அடி பாறையில் தோண்டியது. மேட்டில் இருக்கிறது, கிட்டத்தில் இருக்கிறது, வெடிப்பில் நேராக இறங்குகிறது. மூன்றுமே தப்பு.

குழியைப் பள்ளத்துப் பக்கம் மாற்றிவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். மோட்டார் ஓடும்போது கிணற்றின் மட்டம் இறங்கி, நாலு பக்கமும் இருந்து நீரை இழுக்கும்.

செய்தது இதுதான். பழைய குழியைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு தூவி மூடினோம். அடியும் பக்கமும் ஒழுகாத செப்டிக் டேங்க் ஒன்று கட்டினோம். டேங்கில் இருந்து வெளிவரும் நீரைக் கிணற்றில் இருந்து 110 அடி தள்ளி, பள்ளத்துப் பக்கம், இரண்டடி ஆழ வாய்க்காலில் ஜல்லி போட்டு விட்டோம். ஆழமான உறிஞ்சுகுழி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம், மேல்மண் செய்யும் வடிகட்டும் வேலையைப் பாறை செய்யாது என்பதுதான். அடி மூடாமல் "செப்டிக் டேங்க்" என்று பெயர் மட்டும் வைத்துக் கட்டித் தருகிறவர்கள் நிறைய. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

நூறடிக்குள் இருக்கும் பக்கத்து வீட்டுக் குழிகளையும் இதே மாதிரி அளக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் தன் குழியை அளக்க விட்டார், அது 130 அடியில் இருந்தது.

உறை இறக்குதல்

கல் கட்டின் மேல் உள்பக்கமாகப் பூசிவிட்டால் போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மழையில் கட்டுக்குப் பின்னால் நீர் ஏறி முட்டும், பூச்சு பொரிந்து விழும். கிணற்றுக்குள்ளேயே 4 அடி விட்ட சிமென்ட் உறைகளை அடியில் இருந்து அடுக்குவதுதான் சரி. இதில் ஒரு இழப்பு உண்டு. கிணற்றில் தேங்கும் தண்ணீர் பாதிக்கும் கீழே போகும். தோட்டத்துக்கும் இதே கிணறுதான் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

வேலையை ஏப்ரல், மே மாதங்களில் வையுங்கள். தண்ணீரை இறைக்க நீர்மூழ்கி மோட்டார் போதும். டீசல், பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அதன் புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும். இறங்குகிறவருக்கு இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

ஓர் உறை ஓரடி உயரம், இருநூறு கிலோவுக்கு மேல் எடை. முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள், கையால் இறக்கப் பார்க்காதீர்கள். அடியில் பாறை மேடு பள்ளமாக இருந்தால் முதல் உறைக்குக் கீழே கல் வைத்துச் சமப்படுத்த வேண்டும். அது சாய்ந்தால் மேலே வருவதெல்லாம் சாயும். கீழ் உறைகளில் ஓட்டை இருக்கலாம், இணைப்பில் சாந்து வேண்டாம், ஊற்று அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மேல் 10 அடியில் ஒரு ஓட்டைகூடக் கூடாது, ஒவ்வொரு இணைப்பிலும் 1:3 சாந்து. "மழைத் தண்ணி உள்ள எறங்கட்டும்" என்று கொத்தனார் மேலேயும் ஓட்டை உறை வைக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.

தரைக்கு மேலும் உறையையே மூன்றடி தூக்கி, அதையே கைப்பிடிச் சுவராக விட்டோம். தனியாகச் செங்கல் சுவர் கட்டினால் தரைமட்டத்தில் ஓர் இணைப்பு வரும், விரிசல் முதலில் அங்கேதான் விடும்.

உறைக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி

உறையின் வெளி விட்டம் நாலரை அடி. பழைய கட்டுக்கும் உறைக்கும் நடுவே சுற்றிலும் 9 அங்குலம் காலி. இதை அப்படியே மண் தள்ளி மூடினால், மேல்நீர் உறையின் முதுகோடு வழிந்து ஊற்றில் கலந்துவிடும். அடியில் இருந்து, தரைக்கு 11 அடி கீழே வரை கழுவிய ஜல்லி, அதன்மேல் ஓரடி மணல், அதற்கு மேல் 10 அடிக்குப் பிசைந்த களிமண் என்று நிரப்ப வேண்டும். எங்கள் அளவுக்கு அந்த 10 அடி ஏறக்குறைய 124 கன அடி. இடித்து இறுக்கினால் களிமண் குறையும் என்பதால் ஒன்றரை யூனிட் எடுத்தோம்.

சேலத்துச் செம்மண் களிமண் ஆகாது. ஒரு பிடி எடுத்து நனைத்து, பென்சில் கனத்துக்கு உருட்டி, வளையமாக வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைந்தால்தான் களிமண். நாங்கள் முறையாக அனுமதி வாங்கி ஏரிக் களிமண் கொண்டுவந்தோம். அரை அடி அரை அடியாகப் போட்டு, கம்பால் இடித்து ஏற்ற வேண்டும். கோடையில் மேல்பகுதி காய்ந்து உறையை விட்டு விலகும், அதனால் அந்த 10 அடியில் மேல் இரண்டடிக்குக் களிமண் போடாமல் கான்கிரீட் போட்டோம்.

தளமும் மூடியும்

சுவரில் இருந்து 5 அடி அகலத்துக்குக் கிணற்றடித் தளம், 4 அங்குல கனம், வெளிப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் சரிவு. அடி மண்ணை நனைத்து நன்றாக இடித்த பிறகே கான்கிரீட். ஓரத்தை அரை அடி மண்ணுக்குள் இறக்கிவிட்டால் மழை அடியை அரிக்காது. சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டிவிடுங்கள். சாக்கு போட்டு ஒரு வாரம் நனைக்கவும். வழியும் தண்ணீரைச் சிறு வாய்க்காலில் முப்பதடிக்கு அப்பால் விடுங்கள். கிணற்றடியிலேயே வாழை வைத்துக் குளிக்கும் தண்ணீரை அதற்கு விடும் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்தான், ஆனால் மாற்றியாக வேண்டும்.

மூடி 5 அடி வட்டம், 4 அங்குலம், 8 மில்லிமீட்டர் கம்பி இரு திசையிலும் அரை அடிக்கு ஒன்று. முழுதாக வார்த்தால் நானூற்று ஐம்பது கிலோ வரும், அதனால் இரண்டு பாதியாக வார்த்து வைத்துச் சாந்தால் இணைத்தோம். ஒரு பாதியில் இரண்டடி வாய், அதன் விளிம்பு 4 அங்குலம் உயரம், மேலே பெட்டி மூடி மாதிரி கவிழும் இரும்பு மூடி, பூட்டு. குழாயும் மின்கம்பியும் போகும் ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள், எலியும் பல்லியும் அந்த வழியாகத்தான் இறங்கும். வாளியும் ராட்டினமும் எனக்கு வேண்டாம். கயிறு தரையில் புரண்டு திரும்பவும் உள்ளே போகும், மூடி போட்ட பலன் போய்விடும்.

கடைசியில் பிளீச்சிங் பவுடர்

4 அடி உறையில் 10 அடி தண்ணீர் என்றால் சுமார் 3,560 லிட்டர். முதல்முறைச் சுத்திகரிப்புக்கு ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் (33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர்). ஜல்லி இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து 750 கிராம் போட்டோம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் விட்டு, வாடை போகும் வரை இறைத்துக் கொட்டுங்கள். திறந்து நாளான பவுடரில் சத்து போயிருக்கும், புதுப் பொட்டலம் வாங்குங்கள்.

*பிற்சேர்க்கை:* உறை எல்லாம் போட்ட பிறகும் கிருமி வருகிறது என்று ஓமலூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிளீச்சிங் போட்ட மறுநாளே பரிசோதனைக்குக் கொடுத்தால் குளோரின் மிச்சத்தால் சுத்தம் என்றே வரும். ஒரு வாரம் கழித்து ஒருமுறையும், முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறையும் கொடுங்கள். மழைக்குப் பின் மட்டும் வந்தால் மேல் 10 அடியின் இணைப்புகளையும் தளத்து விரிசலையும் பாருங்கள். இரண்டு முறையும் வந்தால் ட்யூப் லெவலை எடுத்துக்கொண்டு குழிகளை அளக்கப் போங்கள், அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.