குடோன் வழியாகப் போகும் சரக்கு: ட்ரான்ஸ்ஷிப்மென்ட் கணக்கைச் சாதாரணப் போக்குவரத்து அட்டவணைக்குள் கொண்டுவருவது எப்படி?

போக்குவரத்துக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கும் நடுவில் குடோன் வந்துவிட்டால் ஒரு தயக்கம் வரும். குடோன் சரக்கை வாங்கவும் செய்கிறது, அனுப்பவும் செய்கிறது. அதை வரிசையில் எழுதுவதா, நிரலில் எழுதுவதா? இரண்டிலும் எழுத வேண்டும். 1956இல் கணிதவியலாளர் அலெக்ஸ் ஆர்டன் காட்டிய வழி இதுதான். அப்படி எழுதினால் புது முறை எதுவும் படிக்க வேண்டாம். வோகல் முறை, மோடி முறை, எக்செல் சால்வர் எல்லாமே அப்படியே வேலை செய்யும்.

பெங்களூரை வைத்தே ஒரு கணக்கு பார்ப்போம். எவர்சில்வர் பாத்திரப் பெட்டிகள் பீன்யா ஆலையில் நாளுக்கு 600, பொம்மசந்திரா ஆலையில் 400 தயாராகின்றன. சிவாஜிநகர் கடைகளுக்கு 450, ஒயிட்ஃபீல்டு கடைகளுக்கு 550 வேண்டும். ஆலையிலிருந்து கிளம்பும் பெரிய லாரியை நேராகக் கடைத்தெருவுக்குள் விட முடியாது. அதனால் நெலமங்களா, ஹொஸ்கோட்டே குடோன்களில் இறக்கி, குட்டியானை வண்டியில் மாற்றித்தான் கடைக்கு அனுப்ப வேண்டும். கீழே உள்ள வாடகை விவரம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒரு பெட்டிக்கு ரூபாயில்.

பீன்யாவிலிருந்து நெலமங்களாவுக்கு 3, ஹொஸ்கோட்டேவுக்கு 12. பொம்மசந்திராவிலிருந்து நெலமங்களாவுக்கு 14, ஹொஸ்கோட்டேவுக்கு 5. நெலமங்களாவிலிருந்து சிவாஜிநகருக்கு 6, ஒயிட்ஃபீல்டுக்கு 13. ஹொஸ்கோட்டேவிலிருந்து சிவாஜிநகருக்கு 8, ஒயிட்ஃபீல்டுக்கு 4. இரண்டு குடோன்களுக்கும் நடுவே தினமும் ஒரு பெரிய லாரி போய்வருகிறது; அதில் ஏற்றினால் எந்தப் பக்கமும் 6.

படி 1: யார் வரிசையில், யார் நிரலில்?

அனுப்ப மட்டும் செய்யும் இடம் வரிசையில் மட்டும் வரும். வாங்க மட்டும் செய்யும் இடம் நிரலில் மட்டும் வரும். இரண்டும் செய்யும் இடம் இரண்டிலும் வரும். ஆக நமக்கு 4 வரிசை, 4 நிரல். சில புத்தகங்களில் ஆலை, கடை எல்லாவற்றையும் இரு பக்கமும் எழுதி 6 × 6 ஆக்குவார்கள். ஓர் ஆலையிலிருந்து இன்னொரு ஆலைக்கும், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கும் சரக்கு போகும் வழக்கம் இருந்தால்தான் அது தேவை. இல்லையென்றால் வீண் வேலை.

படி 2: இடைத்தொகை

மொத்த அளிப்பு 600 + 400 = 1000. மொத்தத் தேவை 450 + 550 = 1000. இந்த 1000தான் இடைத்தொகை. இதை ஒவ்வொரு குடோனின் வரிசைக்கும் அளிப்பாக எழுதுங்கள். அதே குடோனின் நிரலுக்குத் தேவையாகவும் எழுதுங்கள்.

அளிப்பும் தேவையும் சமமாக இல்லையென்றால் முதலில் பொய் வரிசையோ பொய் நிரலோ சேர்த்துச் சமப்படுத்திவிட்டு, அப்புறம் இடைத்தொகையைக் கணக்கிடுங்கள். முன்பின்னாகச் செய்தால் இடைத்தொகை இருக்க வேண்டியதைவிடச் சிறியதாகிவிடலாம்.

படி 3: செலவுகளை நிரப்புவது

| | நெலமங்களா | ஹொஸ்கோட்டே | சிவாஜிநகர் | ஒயிட்ஃபீல்டு | அளிப்பு |
|---|---|---|---|---|---|
| பீன்யா | 3 | 12 | M | M | 600 |
| பொம்மசந்திரா | 14 | 5 | M | M | 400 |
| நெலமங்களா | 0 | 6 | 6 | 13 | 1000 |
| ஹொஸ்கோட்டே | 6 | 0 | 8 | 4 | 1000 |
| தேவை | 1000 | 1000 | 450 | 550 | 3000 |

வழியே இல்லாத இடத்தில் M, அதாவது யாரும் தேர்ந்தெடுக்க முடியாத பெரிய செலவு. ஒரு குடோனிலிருந்து அதே குடோனுக்கு 0. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இருந்தால் அதைக் குடோனிலிருந்து வெளியே போகும் கட்டங்களில் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 0 கட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்பதற்கு அந்தக் கட்டம் எதைச் சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

அந்த 0 கட்டம் என்ன செய்கிறது?

இந்த முறையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நெலமங்களாவை எடுத்துக்கொள்வோம். நிரல் என்ன சொல்கிறது? வெளியிலிருந்து உள்ளே வந்த பெட்டிகளும் 0 கட்டத்தில் உள்ள எண்ணும் சேர்ந்து 1000. வரிசை என்ன சொல்கிறது? வெளியே போன பெட்டிகளும் அதே 0 கட்டத்து எண்ணும் சேர்ந்து 1000. இரண்டிலும் 0 கட்டம் பொது. எனவே உள்ளே வந்ததும் வெளியே போனதும் சமம். குடோனில் சரக்கு தேங்காது, இல்லாத சரக்கு அங்கிருந்து கிளம்பாது என்ற கட்டுப்பாட்டைத் தனியாக எழுதாமலே அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் 0 கட்டத்தில் விழும் எண், அந்தக் குடோன் வழியாகப் போகாத பெட்டிகளைக் காட்டுகிறது. அது நிஜச் சரக்கு இல்லை. அங்கே கூலியை வைத்தால் குடோன் பக்கமே வராத பெட்டிக்குக் கூலி கட்டியதாகிவிடும்.

இடைத்தொகை ஏன் 1000 என்பதும் இதிலேயே விளங்கும். அத்தனை பெட்டியும் ஒரே குடோன் வழியாகப் போனாலும் 1000ஐத் தாண்டாது. 2000 போட்டாலும் விடை மாறாது. 0 கட்டத்து எண் மட்டும் 1000 கூடும். 400 போட்டால்தான் ஆபத்து: குடோனுக்கு 400 பெட்டிதான் கொள்ளளவு என்று நீங்களே சொல்லாமல் சொன்ன மாதிரி.

படி 4: தீர்ப்பது

தொடக்க விடைக்கு மீச்சிறு செலவு முறையைத் தொடாதீர்கள். அட்டவணையில் மிகக் குறைந்த செலவு 0தான். அந்த முறை முதல் வேலையாக இரண்டு 0 கட்டங்களிலும் 1000, 1000 போட்டு குடோன்களை மூடிவிடும். மீதி ஆலைச் சரக்கு முழுவதும் M கட்டங்களில் போய் விழும். அதிலிருந்தும் மோடி முறையில் சரியான விடைக்கு வரலாம்தான், ஆனால் நிறையச் சுற்று சுற்ற வேண்டும்.

வோகல் முறை இங்கே நன்றாக வரும். பீன்யா வரிசையில் குறைந்த இரண்டு செலவுகள் 3, 12, வித்தியாசம் 9. பொம்மசந்திராவுக்கு 5, 14, அதுவும் 9. ஒயிட்ஃபீல்டு நிரலில் 4, 13, அதுவும் 9. மற்றவை எல்லாம் இதைவிடக் குறைவு. மூன்றையும் ஒவ்வொன்றாக நிரப்புங்கள்: பீன்யா–நெலமங்களா 600, பொம்மசந்திரா–ஹொஸ்கோட்டே 400, ஹொஸ்கோட்டே–ஒயிட்ஃபீல்டு 550. மிஞ்சியதை நிரப்பினால் இப்படி வரும்:

| | நெலமங்களா | ஹொஸ்கோட்டே | சிவாஜிநகர் | ஒயிட்ஃபீல்டு |
|---|---|---|---|---|
| பீன்யா | 600 | – | – | – |
| பொம்மசந்திரா | – | 400 | – | – |
| நெலமங்களா | 400 | 150 | 450 | – |
| ஹொஸ்கோட்டே | – | 450 | – | 550 |

நிரம்பிய கட்டம் 7. வரிசை 4 + நிரல் 4 − 1 = 7. சரியாக இருக்கிறது. மோடி முறையில் நெலமங்களா வரிசைக்கு u = 0 வைத்து ஆரம்பித்தால், காலிக் கட்டம் எதிலும் குறை எண் வராது. எனவே இதுவே உத்தம விடை. ஒரு சின்னச் சோதனையும் உண்டு: 0 கட்டம் நிரம்பியிருந்தால் அந்தக் குடோனின் uவும் vயும் கூட்டினால் 0 வர வேண்டும். ஹொஸ்கோட்டேவுக்கு u = −6, v = 6. இது பொருந்தவில்லையென்றால் கூட்டலில் எங்கோ தவறு.

செலவு: 600 × 3 + 400 × 5 + 150 × 6 + 450 × 6 + 550 × 4 = 9600 ரூபாய்.

படி 5: விடையைப் படிப்பது

0 கட்டங்களை அழித்துவிட்டு மீதியைப் படியுங்கள். பீன்யாவின் 600 பெட்டியும் நெலமங்களா வருகின்றன. அதில் 450 சிவாஜிநகர் போகின்றன. மீதி 150 குடோன் லாரியில் ஹொஸ்கோட்டே போய், அங்கிருந்து ஒயிட்ஃபீல்டு போகின்றன. பீன்யாவிலிருந்து நேரே ஹொஸ்கோட்டே போனால் 12; நெலமங்களா வழியாகச் சுற்றிப் போனால் 3 + 6 = 9. இரண்டு குடோன் ஏறி இறங்கும் இந்த வழியை வெறும் கண்ணால் பார்த்தால் யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இந்த அட்டவணை போடுவதன் பலனே இதுதான்.

எக்செல்லில் போடும்போது

செலவு அட்டவணை B2:E5இலும், அனுப்பும் அளவு B9:E12இலும் இருந்தால் மொத்தச் செலவு:

```
=SUMPRODUCT(B2:E5,B9:E12)
```

Solver-இல் Simplex LP தேர்ந்தெடுத்து, வரிசைக் கூட்டல், நிரல் கூட்டல் இரண்டையும் சமமாக இருக்கும்படி கட்டுங்கள். M இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. எக்செல்லுக்குக் காலி என்றால் 0. உடனே ஆலையிலிருந்து கடைக்கு இலவச வழி கிடைத்துவிடும். மொத்தச் செலவு 0 என்று வந்து நிற்கும். M என்று எழுத்தாகவும் போடக் கூடாது, SUMPRODUCT எழுத்தையும் 0ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்குக்கு 1000 போதும். நூறு கோடி மாதிரி எண்ணைப் போட்டால் Solver கணக்கிடுவதில் துல்லியம் கெடலாம். கடைசி விடையில் M கட்டம் ஒன்றில் பெட்டி இருந்தால், கையில் இருக்கும் வழிகளில் அந்தத் தேவையைத் தீர்க்கவே முடியாது என்று அர்த்தம்.

குடோனில் இடம் போதாவிட்டால்

இப்போது ஹொஸ்கோட்டே குடோன் நாளுக்கு 500 பெட்டிக்கு மேல் கையாள முடியாது என்று வைத்துக்கொள்வோம். மேலே வந்த விடையில் அங்கே 550 போகிறது. புதுக் கட்டுப்பாடு எதுவும் எழுத வேண்டாம். ஹொஸ்கோட்டேவின் வரிசையிலும் நிரலிலும் 1000க்குப் பதில் 500 போடுங்கள். இரு பக்கமும் 2500 ஆகி அட்டவணை சமமாகவே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சமநிலை உடைந்துவிடும்.

திரும்பத் தீர்த்தால் நெலமங்களாவிலிருந்து ஹொஸ்கோட்டேவுக்கு 150க்குப் பதில் 100 போகும். மீதி 50 நெலமங்களாவிலிருந்தே 13 ரூபாய்க்கு ஒயிட்ஃபீல்டு போகும். ஹொஸ்கோட்டேவின் 0 கட்டத்தில் 0 நிற்கும்: குடோன் நிரம்பிவிட்டது. செலவு 9750. முன்பைவிட 150 ரூபாய் அதிகம், அதாவது இடமில்லாமல் திரும்பிய ஒவ்வொரு பெட்டிக்கும் 3 ரூபாய். பக்கத்துக் குடோன்காரர் அந்த 50 பெட்டிக்கு இடம் தருகிறேன் என்றால், பெட்டிக்கு 3 ரூபாய்க்குக் கீழே கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளலாம்.